கடிவாளம் பிடித்தவர்கள்

அபிமன்யுவின் தேரை ஓட்டியவன் பெயர் சுமித்திரன். சக்கர வியூகக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களில்கூட இந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு. வியாச பாரதத்தின் துரோண பருவத்தில், குருக்ஷேத்திரப் போரின் 13-ஆம் நாள், துரோணரின் அணியை நோக்கித் தேரை விடச் சொல்கிறான் அபிமன்யு. அப்போது அவனைக் கொஞ்சம் நிதானிக்கச் சொல்பவன் இந்தச் சுமித்திரன்தான். பெரியவர்கள் உன் தலையில் பெரும் பாரத்தை ஏற்றிவிட்டார்கள், துரோணர் போரில் பழுத்தவர், நீயோ சுகமாக வளர்ந்த பிள்ளை, உன்னால் முடியுமா என்று ஒருமுறை யோசித்துக்கொள் என்கிறான். அபிமன்யு சிரிக்கிறான். இந்திரனே தேவர்களோடு வந்தாலும் எதிர்த்து நிற்பேன், நீ தேரை விடு என்கிறான். சாரதி மேற்கொண்டு பேசவில்லை. பொன் அணிகள் பூட்டிய மூன்று வயதுக் குதிரைகளை அவன் விரட்டினான், ஆனால் மனத்தில் அத்தனை உற்சாகம் இல்லை என்று மூலநூல் ஒரு வரியில் குறித்துவிட்டு நகர்கிறது.

அந்த ஒரு வரி முக்கியமானது. தேருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வில்லைப் பிடித்தவனுக்கு எதிரியின் முகம் தெரிகிறது. கடிவாளம் பிடித்தவனுக்குத் திரும்பி வரும் வழி இருக்கிறதா என்பது தெரிகிறது.

வியூகம் என்பதைப் பலரும் ஒரு மாயப்புதிர் போலக் கற்பனை செய்கிறார்கள். அடிப்படையில் அது யாரை எங்கே நிறுத்துவது என்ற கணக்கு. கௌரவரிடம் 11 அக்குரோணி சேனை, பாண்டவரிடம் 7. முதல் நாள் காலையிலேயே இந்த வித்தியாசம் தருமரைக் கலங்கடிக்கிறது. ஆள் குறைவாக இருப்பவர்கள் நெருங்கி, ஊசிமுனைபோல நின்று போரிட வேண்டும் என்ற பழைய விதியை நினைவில் கொண்டு, அருச்சுனன் வஜ்ர வியூகம் அமைக்கிறான். மூன்றாம் நாள் பீஷ்மர் கருட வியூகம் வகுக்கிறார்: அலகின் இடத்தில் அவரே நிற்கிறார், கண்களின் இடத்தில் துரோணரும் கிருதவர்மனும். பறவையின் பெயர் வெறும் அழகுக்காக வைத்ததல்ல. எந்தப் பகுதி முதலில் கொத்தும், எது பக்கவாட்டில் விரியும், எது பின்னால் காத்திருக்கும் என்பது அந்தப் பெயரைக் கேட்டதும் படைத்தலைவனுக்குப் புரிந்துவிடும். கௌடிலியரின் அர்த்த சாஸ்திரம் பத்தாம் பகுதியில் இதே விஷயத்தைக் கதை எதுவும் இல்லாமல், தண்டம், போகம், மண்டலம், அசம்ஹதம் என்று வகைபிரித்து உலர்ந்த நடையில் சொல்கிறது.

கதை சொல்பவருக்கு வியூகம் வேறொன்றைத் தருகிறது. திறந்த வெளியில் நடக்கும் சண்டையில் உள்ளே, வெளியே என்று எதுவும் கிடையாது. வியூகம் வந்ததும் களத்துக்கு ஒரு வாசல் வருகிறது, ஆழம் வருகிறது, கடக்க வேண்டிய தூரம் வருகிறது. வீரன் எத்தனை பேரைக் கொன்றான் என்பதைவிட எவ்வளவு உள்ளே போனான், அவன் பின்னால் யார் வந்தார்கள் என்பது பெரிய கேள்வியாகிறது.

சக்கர வியூகத்தில் நடந்தது இதுதான். ஹளேபீடு கோயிலில் அதைச் சுருள் சுருளான வழியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மூலநூலில் அப்படி ஒரு சுருள் வழி இல்லை. சக்கரத்தின் ஆரங்கள் இருக்கும் இடங்களில் இளவரசர்கள், எல்லோருக்கும் சிவப்பு உடை, சிவப்புக் கொடி, நடுவில் துரியோதனன். அதை உடைக்கும் முறையைத் தந்தை தனக்குச் சொல்லித் தந்திருப்பதாக அபிமன்யு தருமரிடம் சொல்கிறான். ஆபத்து வந்தால் வெளியேறத் தெரியாது என்றும் அப்போதே சொல்லிவிடுகிறான். (தாயின் வயிற்றில் இருக்கும்போது பாதி கேட்டான் என்பது மக்கள் வழக்கில் வளர்ந்த கதை.) நீ வாசலைத் திற, நாங்கள் உன் பின்னாலேயே வந்துவிடுகிறோம் என்பதுதான் தருமரும் பீமனும் கொடுத்த வாக்கு. அணியை உடைக்கும் தந்திரம் முழுக்க அந்த வாக்கின் மேல்தான் நின்றது. உடைத்த இடத்தில் பின்படை நுழைந்தால்தான் அது வாசல். நுழையாவிட்டால் முன்னால் போனவனுக்கு அது பொறி. ஜயத்ரதன் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு நின்றான். அருச்சுனனைத் தவிர மற்றப் பாண்டவர்களை ஒரு நாள் தடுத்து நிறுத்தும் வரம் அவனிடம் இருந்தது. அருச்சுனனோ சம்சப்தகர்களோடு களத்தின் வேறொரு மூலையில் போரிட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே தனியாகச் சிக்கிய பிறகும் அபிமன்யுவை வீழ்த்த முடியவில்லை. கர்ணன் துரோணரிடம் வழி கேட்கிறான். துரோணரின் பதில் ஒரு பொறியாளர் சொல்வதுபோல இருக்கிறது. கவசத்தை ஊடுருவ முடியாது. வில்லையும் நாணையும் அறு, கடிவாளத்தை அறு, குதிரைகளைக் கொல், பக்கக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு சாரதிகளையும் கொல், அதன் பிறகு போரிடு. அப்படியே செய்தார்கள். கர்ணன் வில்லை அறுத்தான், கிருதவர்மன் குதிரைகளைக் கொன்றான், கிருபர் பக்கச் சாரதிகளைக் கொன்றார். தரையில் இறங்கிய அபிமன்யு வாளும் கேடயமும் எடுத்தான். அவையும் போனபின் தேர்ச்சக்கரத்தையே தூக்கினான். அதுவும் நொறுங்கியபின் கதாயுதம். கடைசியில் துச்சாதனனின் மகன் கதையால் அடித்துக் கொன்றான்.

தேர்வீரன் என்பவன் தனி ஆள் அல்ல என்று துரோணருக்குத் தெரிந்திருந்தது. அவனை வீழ்த்த வேண்டுமானால் அவனைச் சுமந்து நிற்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

சாரதியின் வேலை என்ன என்பதை மிகத் தெளிவாகச் சொல்வது ராமாயணத்தில் வரும் இராவணனின் தேரோட்டி. மயங்கும் நிலையிலிருந்த இராவணனைக் களத்திலிருந்து சற்று அப்பால் ஓட்டிப் போய்விடுகிறான். தெளிந்ததும் இராவணன் கொதிக்கிறான்: என்னைக் கோழையாக்கிவிட்டாய், எதிரியிடம் கூலி வாங்கினாயா? சாரதி பணிவோடு, ஆனால் பின்வாங்காமல் விளக்குகிறான். நேரம் எது, இடம் எது, நிலம் மேடா பள்ளமா, தேரில் இருப்பவர் சோர்ந்திருக்கிறாரா, உற்சாகமாக இருக்கிறாரா, எதிரி எங்கே இடம் கொடுக்கிறான், எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது, எப்போது அசையாமல் நிற்பது எல்லாம் தேரோட்டி அறிந்திருக்க வேண்டும். உங்களுக்கும் குதிரைகளுக்கும் களைப்பு தீரட்டும் என்றுதான் விலகினேன். இராவணன் சமாதானமாகித் தன் கை அணியைக் கழற்றிப் பரிசளிக்கிறான். பாரதத்தின் வன பருவத்திலும் இதே வழக்கு வருகிறது. மயங்கி விழுந்த பிரத்தியும்னனைத் தாருகனின் மகன் வெளியே கொண்டுபோக, கண்விழித்தவன் அவமானத்தில் கத்துகிறான். மயங்கிய வீரனைக் காப்பது சாரதியின் கடமை என்கிறான் அவன். வீரனுக்கு மானம் பெரிது; சாரதிக்கு அவன் உயிர் பெரிது. இரண்டு கவிகளுமே சாரதியைப் பேசவிட்டது, அவன் பக்கத்து நியாயத்தை அவர்கள் உணர்ந்திருந்ததால்தான்.

இந்தக் கலை முழு வடிவத்தில் வெளிப்படுவது போரின் 14-ஆம் நாளில். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன் என்று அருச்சுனன் சபதம் செய்திருக்கிறான். துரோணர் வகுத்த அணியின் நீளம் 12 கவ்யூதி. ஒரு கவ்யூதி இரண்டு குரோசம். முன்னால் சகட வியூகம், அதன் பின்னால் பத்ம வியூகம், அதற்குள் மறைவாக ஊசி வியூகம். ஜயத்ரதன் நிற்பது துரோணரிடமிருந்து ஆறு குரோசம் தள்ளி, ஊசியின் உள்ளே. துரோணர் ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. மாலைவரை நேரத்தைக் கடத்தினால் போதும்.

கண்ணன் இதை முதலிலேயே புரிந்துகொண்டான். வாசலில் குருவோடு நடக்கும் சண்டை நீண்டுகொண்டே போகும்போது, இங்கே பொழுதை வீணாக்காதே என்கிறான். அருச்சுனன் துரோணரை வலம் வந்து விலகிப் போகிறான். எதிரியை வெல்லாமல் நீ திரும்புவதில்லையே என்று துரோணர் குத்திக் காட்டுகிறார். நீங்கள் என் எதிரியல்ல, குரு என்பது பதில். வில்லாளிக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வராது. தூரத்தையும் பொழுதையும் ஒருசேரப் பார்ப்பவன் சொன்னதால்தான் அது நடந்தது. உள்ளே நுழையும்போது தேர்ச்சக்கரங்களைக் காக்கும் யுதாமன்யுவையும் உத்தமௌஜாவையும் கிருதவர்மன் வெளியிலேயே தடுத்துவிடுகிறான். முந்தைய நாள் மகனுக்கு நேர்ந்ததே தந்தைக்கும் நேர்கிறது: பின்னால் யாரும் இல்லை.

பொழுது சாயத் தொடங்கும்போது வெள்ளைக் குதிரைகள் அம்பு தைத்து, தாகத்தில் தளர்ந்து நிற்கின்றன. ஜயத்ரதன் இன்னும் தூரத்தில். அடுத்து என்ன செய்யலாம் என்று அருச்சுனன் கேட்கிறான். குதிரைகளை அவிழ்த்து அம்புகளைப் பிடுங்கலாம் என்று அவனே சொல்ல, என் எண்ணமும் அதுதான் என்கிறான் கண்ணன். எதிரிப்படையின் நட்டநடுவில் தேர் நிற்கிறது. அருச்சுனன் தரையில் இறங்கி, நின்றபடியே அத்தனை பேரையும் தடுக்கிறான். இங்கே கிணறு இல்லையே, குதிரைகளுக்கு இப்போது வேண்டியது குடிநீர் என்று கண்ணன் சொன்னதும், அம்பால் நிலத்தைப் பிளந்து நீர்நிலை உண்டாக்குகிறான், சுற்றிலும் அம்புகளாலேயே ஒரு கூடம் அமைக்கிறான். கண்ணன் நுகத்திலிருந்து குதிரைகளை விடுவித்து, தைத்த அம்புகளைத் தன் கையால் பிடுங்கி, உடலைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, தீனி கொடுத்து, நடுக்கம் நின்றபின் மறுபடி பூட்டுகிறான். பார்த்துக்கொண்டு நின்ற அரசர்கள், இவர்களை விட்டுவிட்டோமே என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அன்றைய நாளின் உச்சம் இந்த இடம்தான் என்று தோன்றுகிறது. சுதர்சனத்தால் சூரியனை மறைத்த காட்சியைக் கதாகாலட்சேபங்கள் கொண்டாடுகின்றன. ஆனால் குதிரைகள் ஓய்ந்திருந்தால் அந்தக் காட்சிக்கே இடம் இருந்திருக்காது.

ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லி வந்த சாரதிக்குக் காயம் படாமலும் இல்லை. சென்னை திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி உற்சவரின் முகத்தில் இருக்கும் வடுக்களைப் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள் என்றே பக்தர்கள் வணங்குகிறார்கள். தேரின் முன்தட்டில் இருப்பவன் மேல்தான் எதிரியின் அம்பு முதலில் வரும்.

கண்ணனுக்கு நிகரான சாரதி இல்லை என்பதே தன் குறை என்று கர்ணன் கணக்குப் போட்டது சரி. அதற்காக மத்திர மன்னன் சல்லியனைக் கேட்டதும் தொழில்ரீதியாகச் சரி. குதிரை நூலில் சல்லியன் மேதை. சூதன் மகனுக்கு நான் தேரோட்டுவதா என்று அவன் கொதித்தபோது, திரிபுரம் எரிக்கச் சென்ற சிவனுக்குப் பிரம்மனே சாரதியாக இருந்ததைச் சொல்லித் துரியோதனன் இணங்க வைக்கிறான். தோன்றியதைப் பேசுவேன் என்பது சல்லியனின் நிபந்தனை. கர்ணனின் ஊக்கத்தைக் குலைக்கும்படி தருமர் முன்பே அவனிடம் கேட்டிருந்தார். எச்சில் தின்று கொழுத்த காக்கை அன்னத்தோடு பந்தயம் பறந்த கதையைத் தேரில் உட்கார்ந்தே சொல்கிறான் சல்லியன்.

1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்தில் சல்லியன் கோபித்துக்கொண்டு தேரை விட்டு இறங்கிப் போய்விடுவான். வியாசரின் சல்லியன் கடைசிவரை தேரில் இருக்கிறான். நீ இறந்தால் நான் அவர்கள் இருவரையும் கொல்வேன் என்றுகூடக் கர்ணனிடம் சொல்கிறான். நாக அம்பைத் தொடுத்தபோது, இந்தக் குறி கழுத்தில் படாது, மறுபடி குறிபார் என்று அவன் சொன்னதும் சரியான யோசனைதான். கர்ணன் இரண்டாம் முறை குறிவைக்க மறுக்கிறான். எதிர்த்தேரில் கண்ணன் காலால் தேரை அழுத்த, குதிரைகள் மண்டியிடுகின்றன. அம்பு அருச்சுனனின் கிரீடத்தோடு போகிறது. அங்கே ஒரு சாரதியின் செயலைக் கேள்வி கேட்காமல் வீரன் நம்பினான். இங்கே காலையிலிருந்து வசை பேசிய வாய் சொன்ன நல்ல சொல், கேட்க ஆளில்லாமல் போனது. சற்று நேரத்தில் மண்ணில் புதைந்த சக்கரத்தைத் தூக்கக் கர்ணனே இறங்க வேண்டிவந்தது. அவன் விழுந்தபின் கொடி அறுந்த தேரைத் துரியோதனனிடம் ஓட்டிக்கொண்டு போன சல்லியனுக்கே மறுநாள் படைத்தலைமை தரப்பட்டது. அது நண்பகல்வரை நீடித்தது.