தொலைபேசி தொலைந்தாலும் கணக்கு தொலையாமலிருக்க

நல்லூர்த் தேர்த் திருவிழா நெரிசலில் கைத்தொலைபேசி தொலைந்தால், அதே இலக்கத்துக்குப் புதிய சிம் வாங்கிவிடலாம். ஆனால் அதிலிருந்த அங்கீகாரச் செயலியின் குறியீடுகள் சிம்மோடு திரும்பி வருவதில்லை.

மென்பொருள் படிக்கும் நம் பிள்ளைகள் பலரும் புதிதாகக் கணக்குத் திறக்கும் தளம் கிட்ஹப். அங்கே நிரல் பங்களிப்போருக்கு இரட்டைச் சரிபார்ப்பு 2023 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. `Settings` பகுதியில் `Password and authentication` என்பதைத் திறந்து சரிபார்ப்பை இயக்கினால், திரையில் ஒரு கியூஆர் சதுரம் தோன்றும். அதற்குள் இருப்பது ஓர் இரகசியத் திறவுகோல். செயலி அதைப் படித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, திறவுகோலையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 30 வினாடிக்கு ஒருமுறை 6 இலக்கங்களைக் காட்டும். இதற்கு இணையமோ சிக்னலோ தேவையில்லை. உலக நேரத்தைக் கொண்டே கணக்கிடுவதால், ரொறன்ரோவுக்குப் போனாலும் அதே தொலைபேசி சரியான எண்ணையே காட்டும். சரியாகப் பார்த்துத் தட்டிய எண்ணும் திரும்பத் திரும்பத் தவறெனப்பட்டால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கையால் மாற்றிய நேரமே பெரும்பாலும் காரணம். தானியங்கி நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

அந்தச் சதுரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைக்காதீர்கள். படம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் திறவுகோலும் இருக்கிறது.

அடுத்து, கிட்ஹப் 16 மீட்புக் குறியீடுகளைத் தரும். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கே செல்லும். `github-recovery-codes.txt` என்ற கோப்பாக இறக்கி அதே தொலைபேசியில் வைத்தால், தொலைபேசியோடு அதுவும் போய்விடும். அச்செடுக்கக் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால், பிரதி கடைக் கணினியில் தங்கிவிடும். எனவே கையால் இரண்டு தாள்களில் எழுதுங்கள். ஒன்றைப் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் கோப்பிலும், மற்றதை வேறு வீட்டில் நம்பிக்கையான உறவினரிடமும் வைக்கலாம். தாளில் கடவுச்சொல் வேண்டாம். எழுதிய கையோடு, கணினியில் ஒரு குறியீட்டைப் பயன்படுத்தி உள்நுழைந்து பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அப்போதே தெரியவரும். பயன்படுத்தியதை இரு தாள்களிலும் வெட்டிவிடுங்கள்.

இப்போது தொலைபேசி தொலைந்த நாளுக்கு வருவோம். கணினியில் கடவுச்சொல்லைக் கொடுத்தபின், செயலி எண்ணுக்குப் பதிலாக மீட்புக் குறியீட்டைத் தெரிவு செய்து உள்நுழையலாம். முதல் வேலையாக, `Sessions` பகுதியில் தொலைந்த தொலைபேசியின் உள்நுழைவை நீக்க வேண்டும். பிறகு புதிய தொலைபேசியில் செயலியை மீண்டும் பதிந்தால் பழைய திறவுகோல் செல்லாததாகும். கடைசியாகப் புதிய குறியீடுகளை உருவாக்குங்கள். அந்த நொடியே பழையவை அனைத்தும் செல்லாது. ஆகவே இரண்டு தாள்களையும் கிழித்துப் புதிதாக எழுதவேண்டும்.

தாளும் இல்லை, வேறு சரிபார்ப்பு வழியும் இல்லை என்றால், கடவுச்சொல் தெரிந்திருந்தும் கணக்கு மீளாமலே போகலாம். கிட்ஹப் உதவிப் பிரிவாலும் அதைத் திறந்து தர முடியாது.