எண்ணெய்க்கு முன் நைட்ரஜன்

ஆவடிக்கு வடக்கே அலமாதியில் உள்ள 400 கிலோவோல்ட் துணைமின்நிலையம் போன்ற இடங்களுக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலும் எண்ணெய் இல்லாமல்தான் வருகின்றன. எடையைக் குறைக்க எண்ணெயை வடித்துவிட்டு, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி அனுப்புவார்கள். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்று அதிகமாக இருப்பதால் ஈரக்காற்று நுழையாது.

வண்டியிலிருந்து இறக்கும் முன்பே அழுத்தமானியைப் பார்ப்பார்கள். முள் பூஜ்யத்தில் நின்றால் வாயு கசிந்திருக்கிறது. காகிதக் காப்பில் ஈரம் ஏறியிருக்கலாம். உள்வாயுவின் பனிநிலையை அளந்தால் அது தெரியும்.

தொட்டியில் பொருத்திய அதிர்வுப் பதிவி, வழியில் பட்ட குலுக்கல்களை மூன்று திசைகளிலும் நேரத்தோடு காட்டும். தயாரிப்பாளர் சொன்ன வரம்பைத் தாண்டியிருந்தால், உள்ளே இரும்பு உள்ளகம் நகர்ந்ததா என்று திறந்து பார்க்க வேண்டும்.

நைட்ரஜன் தொட்டிக்குள் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை. உலர்காற்றை நிரப்பி, ஆக்சிஜனை அளந்த பிறகே ஆள் இறங்க வேண்டும்.