மண் பொய் சொல்லும், மலையைப் பாருங்கள்

ஊர் பெயர் இல்லாத ஒரு புகைப்படம். முன்னால் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண், பின்னால் ஒரு மலை. கரிசல் என்றதும் மகாராஷ்டிரம் என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம். கோவில்பட்டிப் பக்கமும் இதே கரிசல்தான்.

மலையின் உச்சி மேசைபோலத் தட்டையாக, சரிவு படிப்படியாக இறங்கினால் அது அநேகமாகத் தக்காணத்து எரிமலைப் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் இறுகிய பகுதி செங்குத்தாக நிற்கும். காற்றுக் குமிழிகள் நிறைந்த பகுதி சீக்கிரம் கரைந்து சரியும். அதனால்தான் அந்தப் படிகள். நாசிக், சாத்தாரா பக்கம் தேடலாம்.

உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால் அது கிரானைட் நாடு. ஹம்பி நல்ல உதாரணம். மண்ணுக்கடியில் விரிசல் வழியே இறங்கிய நீர் பாறையின் மூலைகளை அரித்து உருட்டுகிறது. பிறகு மேல்மண் மழையில் அடித்துச் செல்லப்பட, உருண்டைகள் வெளியே வருகின்றன. கோவில்பட்டிக் கரிசலுக்கு அடியில் இருப்பது எரிமலைப் பாறை அல்ல, பழைய நைஸ் பாறை. அங்கே படிமலைகளைப் பார்க்க முடியாது.

செம்மண்ணை இன்னும் குறைவாகவே நம்பலாம். மாலை வெயிலும் கேமராவின் நிறத் திருத்தமும் பழுப்பு மண்ணைக்கூடச் சிவப்பாக்கிவிடும். படத்தில் வெள்ளைச் சுவரோ வேட்டியோ இருந்தால், அதன் நிறத்தை முதலில் சரிபாருங்கள்.