நீலக்கல் மோதிரமும் நள்ளாற்று எள் விளக்கும்

சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு ஆகிறது. பிறந்த ராசிக்கு முந்திய ராசி, பிறந்த ராசி, அதற்கு அடுத்த ராசி ஆகிய மூன்றிலும் சனி இருக்கும் காலத்தை ஏழரைச் சனி என்கிறோம். அப்படியென்றால் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் பன்னிரண்டு ராசிகளில் மூன்று ராசிக்காரர்கள் ஏழரைச் சனியில் இருப்பார்கள். நான்காம் இடத்து அர்த்தாஷ்டமச் சனி, ஏழாம் இடத்துக் கண்டகச் சனி, எட்டாம் இடத்து அஷ்டமச் சனி ஆகியவற்றையும் சேர்த்தால் ஆறு ராசிகள் ஆகிவிடும். ஏதோ ஒரு துன்பத்தோடு ஜோதிடரைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்குச் "சனி சரியில்லை" என்ற பதில் ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்பே தயாராக இருக்கிறது.

பரிகாரச் செலவை எடைபோட விரும்புகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை போவது, வரன் தள்ளிப்போவது, கடன் ஏறுவது எல்லாம் சனி நல்ல இடத்தில் இருப்பவர்களுக்கும் நடக்கின்றன. ஏழரையில் இருப்பவருக்கு நடந்தால் காரணம் கையோடு கிடைத்துவிடுகிறது. அந்தக் காரணத்துக்கு மருந்தாக இன்று மிக அதிகமாகச் சொல்லப்படுபவை இரண்டு. ஒன்று, நீலக்கல் மோதிரம். மற்றொன்று, திருநள்ளாறு.

ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 1982-இல் பிறந்தவர், தனுசு ராசி, சிம்ம லக்னம். 2023 ஜூன் மாதம் வேலை போய்விடுகிறது. ஜோதிடர் ஏழரைச் சனியின் கடைசிக் கட்டம் என்று சொல்லி ஐந்து காரட் நீலம் போடச் சொல்கிறார். காரட் 15,000 ரூபாய் என்றால் கல் மட்டும் 75,000. வெள்ளி மோதிரத்துக்கு 3,000. திருநள்ளாறு போய் வர கார், ஹோமம், இடைத்தரகருக்குக் கொடுப்பது எல்லாம் சேர்ந்து 22,000. மொத்தம் ஒரு லட்சம். வேலை இல்லாதவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? மனைவியின் வளையல் அடகுக்குப் போகிறது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால், அடுத்த சம்பளம் வரும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதல் சுமை.

நம்பிக்கை இல்லாதவர் இதைக் கேட்டதும் எல்லாமே வீண் என்று முடித்துவிடுவார். ஆனால் ஜோதிடத்தை முழுக்க நம்புகிறவரே அந்த ஆலோசனையை ஜோதிட விதிகளால் உரசிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் பஞ்சாங்கம். இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப்படி சனி மகரத்திலிருந்து கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17-ஆம் தேதி. பழைய சூத்திரங்களால் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே பெயர்ச்சி 2023 டிசம்பர் 20-ஆம் தேதி. திருநள்ளாற்றில் விழா நடந்தது இந்த இரண்டாவது தேதியில்தான். இடையில் பதினோரு மாதம். நம் தனுசு ராசிக்காரருக்கு ஒரு பஞ்சாங்கத்தின்படி ஏழரை முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. இன்னொன்றின்படி இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. எந்தப் பஞ்சாங்கத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் வளையல் வீட்டிலேயே இருந்திருக்கக்கூடும்.

அடுத்து, எத்தனையாவது சுற்று? முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவது மரணச் சனி என்பது நம் வீடுகளில் வழங்கும் பேச்சு. 1982-இல் பிறந்த தனுசு ராசிக்காரருக்கு முதல் சுற்று குழந்தைப் பருவத்திலேயே முடிந்துவிட்டது. இப்போது நடந்தது இரண்டாவது சுற்று. மரபு அதை உயர்வு தரும் காலம் என்றுதான் சொல்கிறது.

இவை இரண்டையும்விடப் பெரிய தடை லக்னம். பெரும்பாலான ஜோதிடர்கள் ஒப்புக்கொள்ளும் கருத்து, கல் அந்தந்தக் கிரகத்தின் பலத்தைக் கூட்டும் என்பது. அதைச் சாந்தப்படுத்தும் என்பதல்ல. ஆகவே, எந்தக் கிரகம் ஒருவருக்கு நன்மை செய்யும் வீடுகளுக்கு அதிபதியோ அதன் கல்லைத்தான் போட வேண்டும். ரிஷப லக்னத்துக்கும் துலா லக்னத்துக்கும் சனி யோககாரகன். மகரத்துக்கும் கும்பத்துக்கும் லக்னாதிபதி. இவர்களுக்கு நீலம் சொல்வதில் அந்த விதிப்படி ஒரு பொருத்தம் உண்டு. சிம்ம லக்னத்துக்கோ சனி ஆறுக்கும் ஏழுக்கும் உரியவன். ஆறாம் இடம் கடன், நோய், பகை. அவனுக்குப் பலம் சேர்ப்பதற்காக ஒருவர் கடன் வாங்குகிறார். ராசியை மட்டும் கேட்டுவிட்டு, லக்னத்தைப் பார்க்காமல் நீலம் சொல்லும் ஜோதிடர் தம் சாஸ்திரத்தையே சரியாகப் பின்பற்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பராசரரின் பெயரால் வழங்கும் ஹோரா சாஸ்திர நூலில் கிரக சாந்திக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. சனிக்கு இரும்பில் உருவம் செய்து பூசிப்பது, 23,000 முறை ஜபம், வன்னிச் சமித்து, தானம் என்று அது போகிறது. மோதிரம் அங்கே இல்லை. கிரகத்துக்கு ஒரு கல் என்ற பட்டியல் ஜாதக பாரிஜாதம் போன்ற பிற்கால நூல்களில் வருகிறது. சனிக்கு நீலம் உரியது என்று சொல்வது ஒன்று. ஐந்து காரட் வாங்கிப் போடாவிட்டால் குடும்பம் தாங்காது என்று சொல்வது வேறொன்று. இரண்டாவது வாக்கியத்தில் கடையின் கை இருக்கிறது.

கல் எப்படி வேலை செய்யும் என்று கேட்டால், ஒளிக்கதிர்கள் அதன் வழியாக உடலில் இறங்கும் என்பார்கள். அதற்காகவே மோதிரத்தின் அடிப்பக்கத்தைத் திறந்துவைத்து, கல் தோலைத் தொடும்படி கட்டச் சொல்வார்கள். நீலக்கல் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம். அதில் கலந்துள்ள இரும்பும் டைட்டானியமும் நீல நிறம் தருகின்றன. ஆய்வுக்கூடத்தில் உருக்கி வளர்க்கும் செயற்கை நீலமும் இதே பொருள், இதே நிறம், அதே ஒளியைக் கடத்துகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அது சந்தையில் இருக்கிறது, மிக மலிவாகக் கிடைக்கிறது. கதிர்தான் காரணம் என்றால் அந்த மலிவுக் கல் போதும். ஆனால் செயற்கைக் கல் பலிக்காது என்று ஜோதிடர்களே சொல்கிறார்கள். ஆகவே கதிர் விளக்கம் அவர்கள் சொல்வதைக் கொண்டே நிற்கவில்லை. எஞ்சுவது நம்பிக்கை. நம்பிக்கைக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதற்குக் காரட் கணக்கு கிடையாது.

ஜாதகத்தையே சோதித்த ஓர் ஆய்வும் நம் நாட்டில் நடந்தது. வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் குழு, படிப்பில் சிறந்த குழந்தைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் ஜாதகங்களையும் கலந்து கொடுத்துப் பிரித்துச் சொல்லக் கேட்டது. பங்கேற்ற 27 ஜோதிடர்களின் சராசரி வெற்றி, காசைச் சுண்டிப் போட்டால் கிடைப்பதைத் தாண்டவில்லை. அது கல்லைச் சோதித்த ஆய்வு அல்ல. என்றாலும் கல்லைத் தேர்ந்தெடுப்பதே ஜாதகத்தைக் கொண்டுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் போடுவேன் என்பவர்கள் கல்லையாவது சரியாக வாங்க வேண்டும். இலங்கையில் கெவுடா எனப்படும் பால் நிறக் குருந்தக் கற்களை 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் கடும் வெப்பத்தில் சுட்டு நீலமாக்கினார்கள். இன்று சந்தையில் உள்ள நீலங்களில் பெரும்பாலானவை சூடு கண்டவை. நகைக்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். ஆனால் சூடேற்றாத கல்லின் விலை பல மடங்கு. பரிகாரத்துக்குச் சூடேற்றாத கல்தான் வேண்டும் என்று சொல்லி அந்த விலையை வாங்கிக்கொண்டு, சுட்ட கல்லைக் கொடுப்பது நடக்கிறது. அதற்கும் கீழே, விரிசல்களில் நீலக் கண்ணாடியை உருக்கி ஊற்றிய கற்கள் உண்டு. எலுமிச்சைச் சாறு பட்டால்கூட அந்தக் கண்ணாடி அரிக்கப்படும். பாலில் போட்டுப் பால் நீலமாகத் தெரிந்தால் அசல் என்று காட்டுவார்கள். நீல நிறக் கண்ணாடித் துண்டும் அதே வேலையைச் செய்யும். உருக்கி வளர்த்த கல்லில் வளைந்த கோடுகளும், கண்ணாடி ஊற்றிய கல்லில் குமிழிகளும் தெரியும். அவற்றைப் பார்க்க நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் தேவை. பணம் கொடுக்கும் முன், நீங்களே தேர்ந்தெடுத்த பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, இயற்கையா, சூடேற்றியதா, நிரப்பியதா என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தச் சான்றிதழ் கல் பலிக்கும் என்றோ விலை நியாயம் என்றோ சொல்லாது.

திருநள்ளாற்றின் கணக்கு வேறு. காரைக்காலை ஒட்டிய அந்த ஊரின் மூலவர் தர்ப்பாரண்யேசுவரர். சனிக்கு இருப்பது ஒரு சன்னிதி. நளன் குளித்துச் சனியிடமிருந்து விடுபட்டதாகச் சொல்லும் நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து நீராடி, சிவனை வணங்கி, சனிக்கு எள் விளக்கோ அர்ச்சனையோ செய்வது வழக்கம். நல்லெண்ணெய், எள், சீட்டுக் கட்டணம், பேருந்துக் கட்டணம் தவிர இதில் பெரிய செலவு எங்கும் இல்லை. செலவு ஏறுவது கோயில் வாசலுக்கு வெளியேதான். தோஷத்துக்குத் தனி ஹோமம், இன்றே செய்யாவிட்டால் பலன் போய்விடும் என்ற அவசரம், ஒன்பது கோயில் வாடகைக் கார், இப்படி. கோயில் அலுவலகத்தில் எழுதிப் போட்டிருக்கும் கட்டணத்தைப் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டால் இவை எதுவும் தேவைப்படாது. போக முடியாதவர்களுக்கும் நம் மரபில் வழி இருக்கிறது. நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது, அடியாரை அவை ஒன்றும் செய்யா என்று திருமறைக்காட்டில் சம்பந்தர் பாடியது கோளறு பதிகம். அதை ஓதக் காசு வேண்டியதில்லை.

கல்லில் போட்ட பணம் திரும்பாது. 75,000 வாங்கிய கடைக்கே அதைத் திருப்பிக்கொண்டு போனால் பாதி விலை கேட்கவும் தயங்குவார்கள். அதனால் சேமிப்பாக எண்ணி வாங்காதீர்கள். தொலைந்தால் வருந்த மாட்டேன் என்ற அளவுத் தொகையாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஜாதகம் பார்ப்பவரும் கல் விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அல்லது அவர் சொல்லும் கடைக்கே போக வேண்டும் என்றால், இன்னொருவரிடம் கேளுங்கள். நோயைக் குணப்படுத்தும் என்று தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திர நிவாரணச் சட்டம் தடுக்கிறது. அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வாங்கும் கல்லின் பெயர், காரட், சூடேற்றியதா இல்லையா என்பது எழுதிய பில்லை வாங்கி வையுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.