பாதிச் சாலையில் நெல், பாதிச் சாலையில் தார்

புரட்டாசி, ஐப்பசியில் ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. குறுவை அறுவடை முடிந்திருக்கும். மழை எந்த நேரமும் வரலாம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் சிக்கல். களம் போதாது. ஆகவே, கிடைத்த இரண்டு மணி நேர வெயிலில் நெல்லைக் காயவைக்கத் தார்ச்சாலையே களமாகிறது. சாலையின் இடப்பாதியில் நெல்லைப் பரப்பி, வண்டிகள் ஏறாதிருக்க ஓரத்தில் கற்களை வரிசையாக வைப்பார்கள். மிச்சமுள்ள பாதியில்தான் போக்குவரத்து.

எதிரே ஒரு பேருந்து வருகிறது. வழிவிட இடப்பக்கம் ஒதுங்குகிறீர்கள். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் நெல்மேல் ஏறுகின்றன, வலப்பக்கச் சக்கரங்கள் தாரிலேயே இருக்கின்றன. அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு குறுக்கே பாய்கிறது. பிரேக்கை ஓங்கி மிதிக்கிறீர்கள். அடுத்த இரண்டு நொடிகளில் நடப்பதுதான் இந்தக் கட்டுரை.

உருளும் சக்கரத்தில் ஒரு விந்தை உண்டு. வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும், சாலையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர் அந்தக் கணத்தில் சாலைமேல் அசையாமல் ஊன்றி நிற்கிறது. நடக்கும்போது ஊன்றிய பாதம் நகராமல் இருப்பதைப் போல. பிரேக் பிடித்ததும் இந்த ஊன்றல் சற்றே நழுவத் தொடங்கும். வண்டி 50 கி.மீ. வேகத்தில் போகும்போது, சக்கரம் 42 கி.மீ.க்கு உரிய அளவில் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். இந்தச் சிறு நழுவலில்தான் டயருக்குப் பிடிப்பு மிக அதிகம். பத்து முதல் இருபது சதவீத நழுவல் வரை நன்மையே. அதைத் தாண்டி மிதித்தால் சக்கரம் சட்டென்று சுழற்சியை நிறுத்திவிடும். ‘பிரேக் லாக் ஆகிவிட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

லாக் ஆன சக்கரத்தால் இரண்டு நஷ்டங்கள். தார்ச்சாலையில் பிடிப்பு ஓரளவு குறைகிறது, இது சிறியது. பெரிய நஷ்டம், பக்கவாட்டுப் பிடிப்பு ஏறக்குறைய முற்றாகப் போய்விடுவது. சுழலாத முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும், அது வெறும் ரப்பர் கட்டையாகப் பழைய திசையிலேயே இழுபட்டுப் போகும். ஸ்டீயரிங் கையில் இருக்கும், வண்டி கையில் இருக்காது.

இனி நெல்லுக்கு வருவோம். நெல்லின் உமி சொரசொரப்பானது. ஆனால் டயர் அழுத்தும்போது நழுவுவது ரப்பருக்கும் உமிக்கும் நடுவே மட்டும் இல்லை. இரண்டு மூன்று அடுக்காகக் கிடக்கும் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டும் வழுக்கியும் நகர்கின்றன. ரப்பர் தாரைத் தொடவே முடிவதில்லை. பங்குனியில் உளுந்துச் செடியைச் சாலையில் போட்டு வண்டிச் சக்கரத்தாலேயே மிதிக்க விடும்போது உதிரும் உளுந்து இன்னும் மோசம். அது உருண்டை, கொட்டிவைத்த பால்ரஸ் மாதிரி. காய்ந்த தாரில் டயரின் உராய்வுக் கெழுவை 0.7 என்றும், நெல்மேல் 0.2 என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

ஏபிஎஸ் இல்லாத பழைய காரை எடுத்துக்கொள்வோம். மிதித்த மாத்திரத்தில் நெல்மேலுள்ள இடப்பக்கச் சக்கரங்கள் லாக் ஆகின்றன. அங்கே தடுக்கும் விசை கொஞ்சம்தான். வலப்பக்கச் சக்கரங்களோ தாரைப் பலமாகக் கவ்வுகின்றன. படகில் ஒரு பக்கத்துத் துடுப்பை மட்டும் நீரில் அழுத்திப் பிடித்தால் படகு அந்தப் பக்கமே திரும்பும் அல்லவா? காரின் மூக்கும் அப்படியே வலப்பக்கம் திரும்புகிறது. அதாவது, எதற்கு வழிவிட ஒதுங்கினோமோ அந்தப் பேருந்தை நோக்கி.

அடுத்ததாக ஓட்டுநர் செய்வதுதான் பெரும்பாலும் விபத்தை முடித்துவைக்கிறது. பயத்தில் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் பலமாக ஒடிக்கிறார், காலை எடுக்கவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் நின்றுவிட்டால் வண்டி கேட்காது. கேட்கவில்லை என்று இன்னும் ஒடிக்கிறார். பிறகு எப்படியோ பிரேக்கிலிருந்து கால் தளர்கிறது. சக்கரங்கள் சுழல்கின்றன, பிடிப்பு ஒரே நொடியில் திரும்புகிறது. ஒடித்துவைத்த திசையில் கார் பாய்கிறது. ஆட்டுக்காகப் பிரேக் அடித்து, பேருந்தை நோக்கித் திரும்பிய கார் இடப்பக்கத்து வாய்க்காலில் கிடக்கும் மர்மத்துக்கு விடை இதுதான். சாலையில் அதன் தடயமும் இருக்கும். தாரில் வலப்பக்கம் வளையும் கறுப்புக் கோடு, நெல்லில் டயர் உழுத பள்ளம், பிறகு திடீரென்று இடப்பக்கம் திரும்பும் தடம்.

இதற்குப் பழைய ஓட்டுநர்கள் கண்ட மருந்து, “மொத்தமா அமுக்காதே தம்பி, விட்டு விட்டு அடி” என்பது. நல்ல மருந்துதான். மிதிக்கும்போது வேகம் குறையும், விடும்போது சக்கரம் சுழன்று ஸ்டீயரிங் வேலை செய்யும். ஆனால் பதற்றத்தில் மனிதக் காலால் நொடிக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் அப்படி அடிக்க முடியாது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பெடல்தான். நெல்லுக்கு ஓர் அழுத்தம், தாருக்கு ஓர் அழுத்தம் என்று பிரித்துக் கொடுக்கக் காலால் ஆகாது.

ஏபிஎஸ் செய்வது அந்தப் பிரிப்பைத்தான். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு சென்சார் அதன் சுழற்சியை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரு சக்கரத்தின் வேகம் மட்டும் இயல்புக்கு மீறிச் சடாரென்று விழுந்தால், அது லாக் ஆகப்போகிறது என்று பொருள். உடனே அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஒரு வால்வு தடுத்து நிறுத்துகிறது. போதாவிட்டால் இன்னொரு வால்வு அழுத்தத்தை இறக்குகிறது. சக்கரம் வேகம் பிடித்ததும் மறுபடி ஏற்றுகிறது. இது நொடிக்குப் பத்து முறைக்கு மேலும் நடக்கும். பெடல் காலுக்கடியில் அதிர்வதும், கரகரவென்று ஓசை வருவதும் அதனால்தான்.

பாதி நெல், பாதி தார் என்ற நிலைக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிடிப்புக் குறைந்த பக்கத்துக்கு ஏற்ற அழுத்தத்தையே பல கார்களில் ஏபிஎஸ் தருகிறது. தார்மேலிருக்கும் பின்சக்கரம் முழுப் பலத்தோடு பிடிக்க முடிந்தாலும் விடுவதில்லை. தார்ப்பக்கத்து முன்சக்கரத்துக்கும் அழுத்தத்தைப் படிப்படியாகவே ஏற்றுகிறது. வண்டி வலப்பக்கம் சுண்டி இழுக்காமல் மெல்ல இழுக்கிறது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி அந்த இழுப்பைச் சரிக்கட்ட ஓட்டுநருக்கு நேரம் கிடைக்கிறது.

இதற்கு விலை உண்டு. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் காய்ந்த தாரில் பிரேக் பிடித்தபின் நிற்க ஏறக்குறைய 14 மீட்டர் வேண்டும். பாதி நெல்லில், மேற்சொன்னபடி அடக்கிப் பிடிக்கும் ஏபிஎஸ்ஸோடு, சுமார் 27 மீட்டர். நான்கு சக்கரமும் நெல்மேல் என்றால் சுமார் 49 மீட்டர். கண் பார்த்துக் கால் மிதிக்க ஆகும் ஒரு நொடியில் ஓடும் 14 மீட்டர் இவற்றுக்கு மேல். ஏபிஎஸ் வந்ததால் நெல் வழுக்காமல் போய்விடாது. நிற்கும் தூரத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துத் திசையை வாங்கித் தருகிறது, அவ்வளவே. நெல் அங்குலக் கணக்கில் கனமாகக் கிடந்தால், லாக் ஆன சக்கரம் நெல்லை முன்னே குவித்து அந்தக் குவியலிலேயே முட்டி நிற்கக்கூடும். சக்கரத்தைச் சுழலவிடும் ஏபிஎஸ் கார் அதைவிடக் கூடுதல் தூரம் ஓடலாம்.

டெல்டா விவசாயி வெயிலுக்காக உண்டாக்கும் இந்தப் பாதிச் சாலையைக் கார் நிறுவனங்கள் பணம் செலவழித்துக் கட்டுகின்றன. ஒரு பக்கம் நீர் ஓடும் வழுக்குத் தளம், மறுபக்கம் சாதாரணத் தளம். ஐ.நா.வின் சர்வதேச வாகன விதிகளின்படி, அதில் 50 கி.மீ. வேகத்தில் ஓங்கிப் பிரேக் பிடித்தால், முதல் இரண்டு நொடிகளில் ஸ்டீயரிங்கை 120 பாகைக்குள் திருப்பியே கார் நேராக நிற்க வேண்டும். அதாவது மூன்றில் ஒரு சுற்று. அதற்குமேல் திருப்ப வேண்டியிருந்தால் அந்த ஏபிஎஸ் தேறாது.

ஆகவே, ஏபிஎஸ் உள்ள காரில் கால் பழைய பாடத்தை மறக்க வேண்டும். அவசரத்தில் ஒரே மிதி, முழுப் பலத்தோடு. பெடல் அதிர்ந்தாலும் காலை எடுக்காதீர்கள். அதிர்வுக்குப் பயந்து காலை எடுப்பதும், பழக்கத்தில் விட்டு விட்டு அடிப்பதும் கருவியின் வேலையைக் கலைத்துத் தூரத்தைக் கூட்டும். கண் ஆட்டின்மேல் நிற்காமல், போக வேண்டிய இடைவெளியில் இருக்கட்டும். ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்புங்கள். நெல் முடிந்து தாரில் சக்கரம் ஏறும் இடத்தில் பிடிப்பு திடீரென்று வரும். அப்போது ஸ்டீயரிங் அதிகம் ஒடிந்திருந்தால், பழைய வாய்க்கால் கதைதான்.

ஏபிஎஸ் இல்லாத வண்டி சறுக்கினால் முதல் வேலை பிரேக்கைத் தளர்த்துவது. முன்பக்கம் திரும்ப மறுத்தால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள், பிடிப்பு வந்தபின் திருப்புங்கள். பின்பக்கம் விலகினால், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, வண்டி நேரானதும் உடனே திரும்பக் கொண்டுவாருங்கள்.

இரு சக்கர வண்டிக்குக் கணக்கு வேறு. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய கார்களிலும், 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் பல பைக்குகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டுமே. பின்சக்கரம் லாக் ஆகும், வால் விலகும். சிறிய வண்டிகளில் விதி கேட்ட சிபிஎஸ், இரண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் பகிர்ந்து தருமே தவிர, லாக் ஆவதைத் தடுக்காது. பைக் நெல்மேல் சாய்ந்திருந்தால் ஏபிஎஸ்ஸும் காப்பாற்றாது. நெல்லுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்து, பிரேக் தொடாமல், நேராகக் கடப்பது ஒன்றே வழி.

கருவி வந்தால் மனிதர்களும் மாறுகிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1980களில் டாக்சிகளில் ஒரு பாதிக்கு மட்டும் ஏபிஎஸ் பொருத்திப் பார்த்தார்கள். விபத்து எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஏபிஎஸ் வண்டி ஓட்டியவர்கள் இன்னும் துணிந்து ஓட்டியிருந்தார்கள்.

சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணையாமல் எரிந்தால், உங்களிடம் இருப்பது பழைய பிரேக் மட்டுமே. ஆளில்லாத காய்ந்த மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் ஒருமுறை ஓங்கி மிதித்து, அந்த அதிர்வைக் காலுக்கு அறிமுகம் செய்துவையுங்கள். சாலையில் கற்களின் வரிசை தெரிந்தால், அங்கேயே வேகத்தை 30க்குக் குறையுங்கள். பாதி நெல்லில் அப்போது பிரேக் பிடித்தபின் நிற்க 10 மீட்டர் போதும்.