ஒரே நாளில் மாற்ற வேண்டாம் டாலரை

2013-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 54 ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று அது 68 ரூபாயைத் தாண்டியது. அமெரிக்க மத்திய வங்கி சந்தையில் பணத்தைக் கொட்டுவதைக் குறைத்துக்கொள்ளப் போகிறது என்ற பேச்சு எழுந்ததும், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மகனையோ மகளையோ அமெரிக்காவில் படிக்க அனுப்பியிருந்த குடும்பங்களுக்கு, நான்கே மாதங்களில் கட்டணம் கால் பங்கு கூடிப்போனது. பல்கலைக்கழகம் ஒரு டாலர்கூட ஏற்றவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் முதல் வாரத்துக்குள் 30,000 டாலர் கட்ட வேண்டிய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மே மாதமே முழுவதையும் அனுப்பியிருந்தால் 16 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும். 'இறங்கும், இறங்கும்' என்று காத்திருந்து, பயந்துபோய் ஆகஸ்ட் 28 அன்று அனுப்பியிருந்தால் 20 லட்சத்துக்கு மேல். மே முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் 5,000 டாலராக ஆறு தவணையில் அனுப்பியிருந்தால்? அந்த மாதங்களின் விலை, தோராயமாக, 54, 56.50, 59.50, 60.50, 66, 62.50. சராசரி 60 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. மொத்தம் ஏறத்தாழ 17 லட்சத்து 95 ஆயிரம்.

இந்தக் கணக்கில் தவணைக்காரர் ஜெயிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மே மாதமே அனுப்பியவரைவிட அவர் 1 லட்சத்து 75 ஆயிரம் அதிகம் கொடுத்திருக்கிறார். தவணை முறை விலையைக் குறைக்காது. மிக மோசமான ஒரு நாளில் மொத்தப் பணமும் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். டாலர் இறங்கிக்கொண்டே போகும் ஆண்டில், கடைசி நாளில் கட்டியவர்தான் லாபம் அடைவார். எந்த ஆண்டு எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாததால்தான் இந்த முறைக்கே வேலை வருகிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. பலரும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். முழுப் பணமும் இன்றே கையில் இருக்கிறது, கட்டணமும் இன்றே கட்டலாம் என்றால், பிரிப்பதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. இன்றைய விலை உங்களுக்குத் தெரியும். நாளைய விலைதான் தெரியாது. இன்றே கட்டினால் கவலை இன்றோடு முடிந்தது. தவணை முறை உண்மையில் உதவுவது இரண்டு பேருக்கு. ஒருவர், சம்பளத்திலிருந்தோ, ஒவ்வொன்றாக முதிரும் வைப்பு நிதிகளிலிருந்தோ மாதாமாதம் பணம் சேர்ப்பவர். இன்னொருவர், எப்படியும் கடைசி நாள்வரை தள்ளிப்போடக்கூடியவர். விலை எந்தப் பக்கமும் போகலாம் என்று வைத்துக் கணக்கிட்டால், கடைசி நாளில் மொத்தமாகக் கட்டுபவர் சந்திக்கும் ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழப் பாதிதான் ஆறு தவணைக்காரருக்கு வரும்.

சரி, ஆறு தவணை நல்லது என்றால் பன்னிரண்டு இன்னும் நல்லதா? இல்லை. ஆபத்தைக் குறைப்பது தவணைகள் எவ்வளவு காலத்துக்குப் பரவியிருக்கின்றன என்பதுதான். எண்ணிக்கைக்கு அதில் பங்கு குறைவு. 2013 கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மே, ஜூலை, செப்டம்பர் என்று மூன்றே முறை 10,000 டாலராக அனுப்பியிருந்தாலும் சராசரி அதே 60 ரூபாய்க்குச் சற்றுக் கீழேதான் வருகிறது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது தற்செயல். ஆனால் பொதுவாகவே மூன்றுக்கும் ஆறுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

செலவில்தான் வித்தியாசம் தெரியும். இன்றைக்கு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30,000 டாலர் என்பது 27 லட்சம். அந்நியச் செலாவணி மாற்றும்போது ஜி.எஸ்.டி. உண்டு, அதன் படிநிலை சிறு தொகைக்குக் கூடுதலாகவும் பெருந்தொகைக்குக் குறைவாகவும் அமைந்தது. 27 லட்சத்தை ஒரே முறை மாற்றினால் அந்த வரி 1,296 ரூபாய். நாலரை லட்சமாக ஆறு முறை மாற்றினால் மொத்தம் 2,970. இது சின்னத் தொகை. பெரியது வங்கியின் அனுப்புக் கட்டணமும், வழியில் உள்ள வெளிநாட்டு வங்கி எடுத்துக்கொள்ளும் கட்டணமும். இரண்டும் சேர்த்து ஒரு முறைக்கு 3,250 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், ஆறு முறைக்கு 19,500. ஒரே முறை அனுப்புவதோடு ஒப்பிட்டால், வரியையும் சேர்த்து ஏறத்தாழ 18,000 ரூபாய் கூடுதல். டாலருக்கு 60 காசு அதிகம் கொடுத்ததற்குச் சமம். உங்கள் வங்கியின் எண்களைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்துபார்த்த பிறகே தவணைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். என் கணிப்பில், இந்த அளவுத் தொகைக்கு மூன்று அல்லது நான்கு போதும்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் ஓடும் விலை வேறு, வங்கி உங்களுக்கு விற்கும் விலை வேறு. அந்த இடைவெளி டாலருக்கு ஒரு ரூபாயோ, அதற்கு மேலோ இருக்கலாம். பெருந்தொகை என்றால் கிளை மேலாளரிடம் பேசிக் குறைக்க முடியும். பிரித்து அனுப்பும்போது அந்தப் பேரம் பேசும் பலம் போய்விடும். அதனால் முதல் தவணைக்கு முன்பே, 'ஆறு மாதத்தில் மொத்தம் இவ்வளவு அனுப்பப் போகிறேன், எல்லாவற்றுக்கும் இதே வித்தியாசத்தில் கொடுப்பீர்களா?' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது நல்லது.

காத்திருக்கும் காலத்தில் விதிகளும் மாறலாம். 2013 ஆகஸ்ட் 14 அன்று ரிசர்வ் வங்கி, தனிநபர் ஓராண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய உச்சவரம்பை 2 லட்சம் டாலரிலிருந்து 75,000 டாலராகக் குறைத்தது. வெளிநாட்டில் வீடு வாங்க இந்த வழியில் பணம் அனுப்புவதையும் அப்போது தடுத்தது. கட்டணம் கட்டுபவர்களை அது பெரிதாகத் தொடவில்லை. வீட்டுக்கான தொகையைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தவர் யாரேனும் இருந்திருந்தால் பாதியில் நின்றிருப்பார். இப்போது வரம்பு நிதியாண்டுக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர்.

அனுப்பும்போதே பிடிக்கப்படும் டி.சி.எஸ். வரியைத் தவணை குறைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரே நிதியாண்டுக்குள் எத்தனை முறை அனுப்பினாலும் அந்த பான் எண்ணில் எல்லாம் கூட்டித்தான் 10 லட்சம் என்ற எல்லை பார்க்கப்படும். தவணைகள் மார்ச் 31-ஐத் தாண்டிப் பரவினால் புது ஆண்டின் எல்லை தனியாகக் கிடைக்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் கட்டணத்துக்கு இந்தப் பிடித்தமே இல்லை.

திட்டம் உடைவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் மாதத்தில். 'இந்த மாசம் ரொம்ப ஏறிடுச்சு, அடுத்த மாசம் சேத்து அனுப்பிக்கலாம்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அப்படித் தள்ளிய தவணைகள் சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒரே நாளில் வந்து விழும். எதைத் தவிர்க்கத் தொடங்கினோமோ அதுவே நடக்கும். மாதத்தின் எந்தத் தேதி என்று முன்பே எழுதி வைத்து, அன்றைய விலை எதுவானாலும் அனுப்புங்கள். அனுப்பாமல் காத்திருக்கும் ரூபாயைப் பங்குச் சந்தையில் விடாமல், அந்தந்தத் தேதிக்கு முதிரும் வைப்பு நிதியில் போடுங்கள். கிடைக்கும் வட்டி, ரூபாய் மெல்ல இறங்குவதில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டும். ஒவ்வொரு முறையும் ஏ2 படிவத்தில் நோக்கம் கல்வி என்றே இருக்கட்டும். மாணவரின் அடையாள எண்ணும் தவறாமல் போகட்டும். அந்த எண் இல்லாமல் போன பணம் பல்கலைக்கழகக் கணக்கில் பெயரில்லாமல் கிடக்கும். கடைசித் தவணையைக் கெடு நாளுக்குப் பத்து நாள் முன்னதாக வைத்துக்கொண்டால், வழியில் ஒரு விடுமுறையும் ஒரு திருத்தமும் வந்தாலும் தாமதக் கட்டணம் கட்ட நேராது.