ரொக்கம் தந்தவர் டிப்ஸ் தரவில்லையா?

நியூயார்க்கின் மஞ்சள் டாக்சிகள் ஓடிய சவாரிகளின் விவரங்களை அந்நகரின் டாக்சி, லிமோசின் ஆணையம் மாதத்துக்கு ஒரு கோப்பாக இணையத்தில் வெளியிடுகிறது. 2009 முதலான கோப்புகளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வரிக்கு ஒரு சவாரி: ஏறிய நேரம், இறங்கிய இடம், தூரம், கட்டணம். தரவு ஆய்வு பழகுகிறவர்கள் பலரும் முதலில் கைவைக்கும் கோப்பு இது.

கைவைத்ததும் ஒரு 'கண்டுபிடிப்பு' சுலபமாகக் கிடைக்கும். கார்டில் பணம் கட்டுகிறவர்கள் தாராளமாக டிப்ஸ் தருகிறார்கள், ரொக்கம் தருகிறவர்கள் காலணா தருவதில்லை. tip_amount என்ற பத்தியில் ரொக்கச் சவாரிகளுக்கு எதிரே பூஜ்யமாக இருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால், கூடவே வரும் விளக்கக் குறிப்பில் ஆணையம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இந்தப் பத்தியில் கார்டு டிப்ஸ் மட்டும்தான் தானாக நிரம்பும், ரொக்க டிப்ஸ் இதில் சேராது.

காரணம் எளிது. கார்டுக்காரர் பின்சீட்டில் இருக்கும் திரையைத் தொட்டு டிப்ஸ் சேர்க்கிறார், கருவி அதைப் பதிந்துகொள்கிறது. ரொக்கமாகக் கொடுப்பது கையிலிருந்து கைக்குப் போகிறது, கருவிக்கு அது தெரியாது. ஆக, அந்தப் பூஜ்யத்துக்கு 'தரவில்லை' என்று பொருள் இல்லை, 'தெரியாது' என்றுதான் பொருள்.

ஒரு கணக்குக்காகப் பத்துச் சவாரிகளை எடுத்துக்கொள்வோம். ஏழு பேர் கார்டில் தலா 3 டாலர் டிப்ஸ் தந்தார்கள், மற்ற மூவர் ரொக்கம். பத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 2.10 டாலர். நமக்குத் தெரிந்த ஏழை மட்டும் பார்த்தால் 3 டாலர். சரியான கேள்வி இப்படித்தான் இருக்க வேண்டும்:

```sql
SELECT AVG(tip_amount)
FROM trips
WHERE payment_type = 1;
```

இங்கே 1 என்பது கார்டு, 2 என்பது ரொக்கம். வரும் விடையும் கார்டுக்காரர்களைப் பற்றியது மட்டுமே. total_amount என்ற மொத்தத் தொகையிலும் ரொக்க டிப்ஸ் கிடையாது. அதை வைத்து ஓட்டுநரின் வருமானத்தைக் கணக்கிட்டால் ரொக்க டிப்ஸ் விடுபட்டுப்போகும்.

இந்த விளக்கக் குறிப்பை ஆய்வாளர் ஒருவருக்குச் சுருக்கித் தரும் வேலை உங்களுக்கு வந்தால், 'tip_amount: டிப்ஸ் தொகை' என்று எழுதிப் பயனில்லை, அது பெயரிலேயே இருக்கிறது. 'கார்டு டிப்ஸ் மட்டும், டாலரில். ரொக்கச் சவாரியில் 0 என்றால் தெரியாது. சராசரிக்குமுன் payment_type = 1 என வடிகட்டவும்' என்று எழுதினால் ஆய்வாளர் பிழைத்தார். பொருள், சேகரித்த விதம், குறை மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. குறைகளையெல்லாம் கடைசிப் பக்கத்தில் தனியாகத் திரட்டிப் போட்டால், அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் புரட்டுவதில்லை.

எந்தப் பத்தியானாலும் 'இந்த எண்ணை யார் போட்டது?' என்று கேட்டுக்கொள்வது நல்லது. தூரத்தை மீட்டர் சொல்கிறது. passenger_count என்ற பயணிகள் எண்ணிக்கையோ ஓட்டுநர் கையால் தட்டுவது. அவசரத்தில் அவர் 1 என்றே விட்டுவிட்டால் கேட்பாரில்லை. 0 என்றுகூட வரும். அதை நம்பி ஒரு டாக்சியில் சராசரியாக எத்தனை பேர் போகிறார்கள் என்று சொல்வது துணிச்சல்தான். இந்தப் பதிவுகளை ஆணையம் தானே எடுப்பதும் இல்லை. கருவி பொருத்திய நிறுவனங்கள் அனுப்புகின்றன. துல்லியத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்கிறது ஆணையம். கணக்கு உதைத்தால் முதலில் VendorID வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கோளாறு ஒரு நிறுவனத்தின் வரிகளில் மட்டும் இருக்கலாம். கடிகாரம் தவறிய கருவியால், இந்த மாதக் கோப்பில் பல வருடம் பழைய தேதி எட்டிப்பார்ப்பதும் உண்டு.

கோப்பில் இல்லாததையும் சுருக்கத்தில் சொல்லியாக வேண்டும். இது மஞ்சள் டாக்சிகளின் கோப்பு. ஊபர், லிஃப்ட் சவாரிகள் வேறு கோப்பில் இருக்கின்றன. இதில் எண்ணிக்கை சரிந்தால் நியூயார்க்வாசிகள் காரில் போவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமாகாது. ஏறி இறங்கிய இடமும் முன்பு அட்சரேகை, தீர்க்கரேகையாக இருந்தது. 2016 நடுவிலிருந்து வட்டார எண் மட்டுமே. எந்தத் தெருமுனை என்று இப்போது கேட்க முடியாது.

சுருக்கத்தின் தலையில், எந்தத் தேதியிட்ட விளக்கக் குறிப்பைப் பார்த்து எழுதினீர்கள் என்பதைக் குறித்துவிடுங்கள். பத்திகள் கூடிக்கொண்டே போகின்றன. 2025 ஜனவரியில் மன்ஹாட்டன் நெரிசல் கட்டணம் வந்ததும் cbd_congestion_fee என்று புதிய பத்தி சேர்ந்தது. அது total_amount தொகையையும் உயர்த்தியிருப்பதால், 2024-ஐயும் 2025-ஐயும் ஒப்பிடுகிறவர் முதலில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.